பழைய கட்டடத்துக்கு உறுதிச் சான்றிதழ்: கையெழுத்துக்கு முன் பொறியியலாளர் எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளை என்று மலையகத்தில் எந்த ஊரின் பழைய கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சில கட்டடங்கள் இருக்கும். கீழே கருங்கல் சுவர், மேலே செங்கல், நடுவில் பலகைத் தளம், தலைக்கு மேல் தகரம். முன்பக்கம் வீதி, பின்பக்கம் வெட்டி இறக்கிய மண்மேடு. இப்படி ஒரு கட்டடத்தை வாடகைக்கு விடும்போதோ, வங்கியில் ஈடு வைக்கும்போதோ, மேல்மாடியில் வேறு ஏதாவது நடத்த நகர சபையிடம் அனுமதி கேட்கும்போதோ, "கட்டமைப்பு உறுதித்தன்மைச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்" என்பார்கள். உரிமையாளர் ஒரு பட்டயப் பொறியியலாளரைத் தேடிப் போவார். பெரும்பாலும் அவசரமாகத்தான் போவார்.

அந்தக் கடதாசி உண்மையில் என்ன சொல்கிறது? "இந்தக் கட்டடம் விழாது" என்று எழுதித் தருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எழுத யாராலும் முடியாது. பொறியியலாளர் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கட்டடம், இன்று நான் பார்த்த நிலையில், இந்தப் பயன்பாட்டுக்கு, இந்த அளவு பாரத்துக்குப் போதுமானது. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை.

"எண்பது வருஷமா நிக்குது சேர், இனி என்ன ஆகப் போகுது?" என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எண்பது வருடம் நின்றது ஒரு சோதனை. ஆனால் அந்தச் சோதனை, அந்த எண்பது வருடமும் அதன் மேல் இருந்த பாரத்துக்கு மட்டுமே செல்லும். ஒரு குடும்பமும் நான்கு கட்டிலும் இருந்த மாடியில் நாளைக்கு நாற்பது பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் என்றால், அந்தக் கேள்விக்கு எண்பது வருடம் பதில் சொல்லவில்லை.

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். ஹட்டன் பக்கம் இரண்டு மாடிக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுவர் 18 அங்குலக் கருங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மேல்மாடிச் சுவர் 9 அங்குலச் செங்கல். மாடித்தளம் மரச்சட்டங்களின் மேல் பலகை. கட்டடத்துக்குப் பின்னால் மூன்றடி சந்து, அதற்கப்பால் 3 மீற்றர் உயரத்துக்கு மண்ணைத் தாங்கி நிற்கும் கல் தாங்குசுவர். மேல்மாடியை ஒரு டியூட்டரிக்கு வாடகைக்கு விட உரிமையாளர் நினைக்கிறார். பின்பக்கம் பிறகு ஒட்டிக் கட்டிய கொங்கிரீட் குளியலறை ஒன்றும் உண்டு. அதன் கூரைமேல் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி.

உள்ளே போகாமல் பின்பக்கம் போங்கள்

சமதரையில் இருக்கும் ஊர்களில் கட்டடத்தைப் பார்ப்பவர் உள்ளே போய் சுவரில் ஆரம்பிக்கலாம். மலையகத்தில் நான் பின்பக்கத்தில் இருந்துதான் ஆரம்பிப்பேன். அதற்குக் காரணம் தண்ணீர். மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் தொடுவது பின்னால் உள்ள மண்ணை, பிறகு தாங்குசுவரை, பிறகு கட்டடத்தின் பின்சுவரை, கடைசியில் அந்தச் சுவருக்குள் புதைந்திருக்கும் மரச்சட்டத்தின் நுனியை. பழுதும் இதே வரிசையில்தான் பரவும். தண்ணீர் போன வழியிலேயே நாமும் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் தாங்குசுவரையும் தாண்டி மேலே ஏறிப் பார்க்க வேண்டும். அந்த நிலம் வேறு யாருடையதாவது இருக்கலாம், கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மேட்டின் விளிம்புக்கு இணையாக மண்ணில் நீளமான வெடிப்பு இருக்கிறதா? மரங்களும் கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, அல்லது இருந்த ஊற்று திடீரென்று நின்றுவிட்டதா? மழைத் தண்ணீரை வெட்டித் திருப்பிவிடும் கான் சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறதா? மேல் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் குழாய் வழியாக நேராகச் சரிவுக்குள் விழுகிறதா? கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மழை பெய்யாத நாளிலும் மண்ணை ஈரமாகவே வைத்திருப்பது அதுதான். ஊரில் இதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அடையாளங்களில் நில அசைவைக் காட்டுவது ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டடப் பொறியியலாளரின் கையெழுத்து மலைச்சரிவுக்குப் பொறுப்பேற்காது. மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. மலையக மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருப்பதும் அவர்கள்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண் இறங்கி லயன்களை மூடியது நம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மாதிரி ஒரு சரிவின் முன்னால் லயன் சுவர் 9 அங்குலமா 18 அங்குலமா என்ற கணக்குக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. நிலத்தைப் பற்றிய அறிக்கை இல்லாமல் கட்டடத்தை மட்டும் "நல்லது" என்று எழுதுவது பாதிப் பதில்.

சரி, நம் ஹட்டன் கடைக்கு மேலே நிலம் அசையவில்லை, கான் மட்டும் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தாங்குசுவர்.

கல் தாங்குசுவரின் அடியில், ஒன்றிரண்டு மீற்றர் இடைவெளியில், தண்ணீர் கசிந்து வெளியேறச் சிறிய துளைகளோ குழாய்களோ வைத்திருப்பார்கள். மழைக்கு மறுநாள் அவற்றைப் பாருங்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் பலர் பயந்துவிடுவார்கள். நான் பயப்படுவது, நல்ல மழைக்குப் பிறகும் துளைகள் காய்ந்து கிடந்தால்தான். துளை அடைபட்டு, தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சொட்டும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, மண் கலந்து வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மண் கலந்து வந்தால் சுவருக்குப் பின்னால் மண் அரிக்கப்படுகிறது.

தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் புரியும். 3 மீற்றர் உயரத்துக்கு நன்றாக வடிந்த சாதாரண மண், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் சுமார் 2.7 தொன் விசையோடு தள்ளுகிறது. அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் நிறைந்துவிட்டால், தண்ணீர் மட்டுமே சுமார் 4.4 தொன்னால் தள்ளும். மண்ணின் தள்ளல் பாதிக்கும் கீழே குறைந்தாலும் இரண்டையும் கூட்டினால் 5.6 தொன் அளவுக்கு வரும். அதாவது இரண்டு மடங்கு. சுவரும் கல்லும் அப்படியேதான் இருக்கின்றன, அடைபட்டது சில துளைகள் மட்டும். சுவர் இடிந்தால் விழுவது மூன்றடி தள்ளியிருக்கும் கட்டடத்தின் பின்சுவர் மேல்.

சுவர் ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு முனைகளுக்கும் நடுவே நூல் பிடித்தாலே போதும். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் நூல் அதைக் காட்டிக்கொடுக்கும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு மேலே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து, திகதி போட்டு எழுதிவைக்க வேண்டும். இன்றைக்கு அளந்த எண்ணைத் தனியாக வைத்து அதிகம் சொல்ல முடியாது. அடுத்த மழைக்குப் பிறகு அது கூடியிருந்தால் அதுதான் பெரிய செய்தி.

கருங்கல் சுவர் சொல்வதும் மறைப்பதும்

18 அங்குலச் சுவர் என்றவுடன் ஒரே கல்லாக 18 அங்குலம் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவே சில்லும் சுண்ணாம்பும் மண்ணுமாய் நிரப்பியது. இரண்டு வரிசையையும் பிணைக்க இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல் வைக்க வேண்டும். நல்ல பாஸ் வைத்திருப்பார். அவசரத்தில் கட்டியவர் வைத்திருக்கமாட்டார். பல வருடங்கள் தண்ணீர் உள்ளே இறங்கி நடுவில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டால், இரண்டு வரிசைகளும் தனித்தனியாக நிற்கத் தொடங்கும். அப்போது 18 அங்குலச் சுவர் என்பது கடதாசியில்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சுத்தியல் போதும். சுவரில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும்போது உறுதியான இடத்தில் கூர்மையான சத்தமும், உள்ளே பிரிந்த இடத்தில் மந்தமான, பொள்ளல் சத்தமும் வரும். ஆனால் மேலே பூசிய சாந்து மட்டும் சுவரை விட்டுக் கழன்றிருந்தாலும் அதே பொள்ளல் சத்தம்தான் வரும். எனவே சத்தம் மாறும் இடத்தில் பூச்சை ஓர் அடிச் சதுரத்துக்குக் கொத்தி எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. உரிமையாளருக்கு இது பிடிக்காது, புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார். பெயின்ட் புதிதாக இருந்தால் நான் இன்னும் இரண்டு இடம் கூடுதலாகக் கொத்தச் சொல்வேன்.

பழைய சுண்ணாம்புச் சுவர்களின் மேல் பிற்காலத்தில் சீமெந்து பூசியிருப்பதும் இங்கே சாதாரணம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, பிறகு வெளியே விட்டுக் காயும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை மூடிவிடுகிறது. வெளியே பார்க்கச் சுவர் காய்ந்து அழகாக இருக்கும், உள்ளே ஈரம் தேங்கிச் சாந்து நைந்திருக்கும். பூச்சைக் கொத்திய இடத்தில் சாவியால் சாந்தைச் சுரண்டினால் பொடியாக உதிர்ந்து கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து வெடிப்புகள். வெடிப்பைப் பார்த்ததும் அகலத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அகலம் முக்கியம்தான். 5 மில்லிமீற்றருக்கு உட்பட்டதைப் பெரும்பாலும் பூசிச் சரிசெய்யலாம் என்றும், 15-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளையே பிரித்துக் கட்ட வேண்டிவரலாம் என்றும் வழக்கமான ஒரு வகைப்படுத்தல் இருக்கிறது. ஆனால் அகலத்தை விட அதிகமாகச் சொல்வது வெடிப்பின் போக்கு. யன்னல் மூலையில் இருந்து படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கும் வெடிப்பு, அத்திவாரத்தின் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைக் காட்டலாம். மேலே அகலமாகவும் கீழே மயிரிழையாகவும் இருந்தால் சுவரின் ஒரு மூலை வெளியே சாய்கிறது. பின்சுவரும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் நேராக மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பின்சுவர் மற்றச் சுவர்களில் இருந்து கழன்று தனியே நிற்கப் பார்க்கிறது.

பழைய வெடிப்பா, நடப்பிலுள்ள வெடிப்பா என்பதற்கும் தடயம் இருக்கிறது. உள்ளே தூசியும் சிலந்திவலையும் பெயின்ட்டும் போயிருந்தால் பழையது. ஓரம் வெள்ளையாய்க் கூர்மையாய் இருந்தால் புதியது. ஒருமுறை பூசி அதே இடத்தில் திரும்பவும் வெடித்திருந்தால் அது ஓயவில்லை. உறுதியாகத் தெரியாதபோது வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் ஒட்டி, திகதி எழுதிவைப்பது பழைய வழி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இப்போது அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் தகடுகள் உண்டு, அவை எவ்வளவு அசைந்தது என்றும் சொல்லும். ஒட்டிவிட்டு இரண்டு வாரத்தில் வந்து பார்த்து "அசையவில்லை" என்று எழுதுவதில் பலனில்லை. ஒரு மழைக்காலம் கடக்க வேண்டும். ஹட்டன் பக்கம் அது மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு வரும் மழைதான் பெரியது. பெப்ரவரி வெயிலில் பார்க்கும் ஹட்டன் கட்டடம் எல்லாமே நல்ல கட்டடமாகத்தான் தெரியும்.

கீழ்மாடியில் ஒரு கேள்வியை மறக்கக்கூடாது: கடையைப் பெரிதாக்க யாராவது சுவரை எடுத்திருக்கிறார்களா? பழைய கட்டடங்களில் நடுச்சுவரும் மாடியைச் சுமக்கிறது. அதை இடித்துவிட்டுக் குறுக்கே ஓர் இரும்பைப் போட்டிருப்பார்கள். சில இடங்களில் பழைய தண்டவாளத் துண்டே உத்திரமாகக் கிடக்கும். இரும்பு தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதன் இரண்டு முனைகளும் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் அதைவிட அவசரம். முன்பு நீளச் சுவர் பரவலாகச் சுமந்த பாரம் முழுவதும் இப்போது இரண்டு சின்ன இடங்களில் இறங்குகிறது, அங்கே கல் நொறுங்கியிருக்கலாம்.

மரச்சட்டத்தின் நுனி

இப்போது மாடிக்கு வருவோம். நம் கட்டடத்தில் பலகைத் தளத்தைத் தாங்கும் சட்டங்கள் 2 அங்குல அகலம், 7 அங்குல உயரம். ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பின்சுவரில் இருந்து நடுச்சுவர் வரை 12 அடி நீளத்துக்குப் போகின்றன. அறையின் நடுவில் நின்று குதித்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் கெடுவது நடுவில் இல்லை. பின்சுவருக்குள் நான்கைந்து அங்குலம் புதைந்திருக்கும் நுனியில்தான் கெடும். ஈரச் சுவருக்குள், காற்றுப் படாமல், கண்ணுக்கும் தெரியாமல் அது கிடக்கிறது.

எனவே பின்சுவரை ஒட்டிய பலகை ஒன்றைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றாமல் பார்க்க முடியாது என்றால் கையெழுத்தும் முடியாது, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கழற்றியதும் டோர்ச் அடித்து, சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கூரான திருப்புளியைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நல்ல கடின மரத்தில் நுனி இரண்டு மில்லிமீற்றர் இறங்குவதே கஷ்டம். உக்கிய மரத்தில் விரல்கடை ஆழத்துக்கு வெண்ணெயில் போவதுபோல் போகும். மேல் பக்கம் மட்டும் குத்திப் பார்ப்பது ஏமாற்றும், உக்கல் அடிப்பக்கத்தில் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் முகத்தில் தொடங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் 6 மில்லிமீற்றர் துளைப்பானால் நுனிப் பக்கமாகச் சரிவாக ஒரு துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். சுருளாக வந்தால் மரம், பழுப்பு மாவாக வந்தால் மரம் இருந்த இடம். ஈரமானி இருந்தால் அதையும் வைக்கலாம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால், இன்று நன்றாக இருக்கும் மரமும் இனி உக்கும். கறையான் மண்கோடு சுவரில் ஏறியிருக்கிறதா என்று அதே டோர்ச்சில் பார்த்துவிடலாம்.

ஒரு சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று எழுதக்கூடாது. கூரைப் பீலி ஒழுகும் இடத்துக்கு நேர் கீழேயும், குளியலறை ஒட்டிய பக்கத்திலும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நம் கட்டடத்தில் பின்சுவரோரம் இருக்கும் எட்டுச் சட்டங்களில் மூன்றின் நுனி உக்கியிருக்கிறது, மற்றவை உறுதியான கடின மரம் என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் கணக்கு.

வீட்டுக்கு என்று வடிவமைக்கும் தளத்துக்குச் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ பாரம் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பறைக்கு அது 300 கிலோ. பிரித்தானிய நியமங்களின் வழியாக நமக்கு வந்து நிலைத்த எண்கள் இவை. பலகை, சட்டம், கீழ்க்கூரை எல்லாவற்றின் சொந்த எடைக்கும் இன்னொரு 50 கிலோ. ஆக, வீடாக இருந்தபோது 200, டியூட்டரி ஆனால் 350. ஒரு சட்டம் தாங்கும் பரப்பு 0.45 மீற்றர் அகலம், 3.6 மீற்றர் நீளம், அதாவது 1.62 சதுர மீற்றர். அப்படியென்றால் ஒரு சட்டத்தின் மேல் முன்பு வந்தது சுமார் 325 கிலோ, இனி வரப்போவது சுமார் 570 கிலோ.

இந்தப் பாரத்தில் சட்டத்தின் நடுவில் அடிப்பக்க நார்களில் ஏற்படும் இழுவிசைத் தகைப்பைக் கணக்கிட்டால், வீட்டுக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 5.7 நியூட்டன், வகுப்பறைக்கு 10 நியூட்டன் வரும். நல்ல கடின மரம் ஒன்றுக்கு 12 அளவுக்கு அனுமதிக்கலாம். அதனால் உறுதி என்று பார்த்தால் நல்ல சட்டங்கள் தப்பிக்கின்றன. இங்கேயே கணக்கை மூடி வைத்துவிடும் ஆசை வரும். ஆனால் வளைவையும் பார்க்க வேண்டும். நடுவில் தளம் சுமார் 17 மில்லிமீற்றர் தொய்யும். வழக்கமான எல்லை நீளத்தில் ஆயிரத்துக்கு மூன்று, இந்தச் சட்டத்துக்கு அது சுமார் 11 மில்லிமீற்றர். உடையாது, ஆனால் பிள்ளைகள் எழுந்து நடக்கும்போதெல்லாம் தளம் ஆடும், கீழே பூச்சு உதிரும், அந்த ஆட்டத்தில் சுவருக்குள் இருக்கும் நுனிகளும் தளர்ந்துகொண்டே போகும். சட்டத்தின் மேல் பக்கம் ஓர் அங்குலம் உக்கிப்போய் 7 அங்குலம் 6 ஆகிவிட்டால் அந்த 10 நியூட்டன் 13.6 ஆக ஏறிவிடும். அப்போது உறுதியிலும் தோல்விதான்.

நுனி உக்கிய மூன்று சட்டங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, ஏனென்றால் அவை ஒரு பக்கம் எதன்மேலும் சரியாக உட்காரவில்லை. முனை ஒன்றுக்கு 285 கிலோ இறங்க வேண்டிய இடத்தில் இருப்பது மாவு. இவ்வளவு காலமும் அவை விழாததற்குக் காரணம், மேலே இருக்கும் பலகைகள் பக்கத்துச் சட்டங்களுக்குப் பாரத்தைக் கடத்தியதுதான். பக்கத்துச் சட்டங்களுக்கும் பாரம் கிட்டத்தட்ட இரட்டிக்கப் போகும்போது அந்தத் தயவு கிடைக்காது.

தீர்வு இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. உக்கிய நுனியை நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து மரையாணியால் பிணைத்து, சுவருக்குள் புதைக்காமல் சுவரில் பொருத்திய இரும்புத் தாங்கியில் உட்காரவைக்கலாம். தளத்தின் தொய்வுக்கு, 12 அடியின் நடுவில் குறுக்கே ஓர் இரும்பு உத்திரம் கொடுத்தால் சட்டங்களின் நீளம் பாதியாகும், வளைவுத் தகைப்பு கால்வாசிக்குக் குறையும். ஆனால் தளத்தின் பாதிக்கு மேற்பட்ட பாரம் இப்போது அந்தப் புதிய உத்திரத்துக்கும் அதன் கால்களுக்கும் போகும். கால்கள் கடைக்குள் வெறும் சீமெந்துத் தரையில் நிற்கக்கூடாது, கீழே தோண்டி அத்திவாரம் போட வேண்டும். இதைச் செய்யாமல் தரையிலேயே இரும்புக் காலை நிறுத்திவிட்டு "போட்டாச்சு சேர்" என்று படம் அனுப்புவது நம் ஊரில் சாதாரணம்.

பிறகு ஒட்டிய கொங்கிரீட்

குளியலறையை நீண்ட விளக்கம் இல்லாமல் கடந்துவிடலாம். மேலே தண்ணீர் நிரம்பிய தாங்கி ஒரு தொன். தட்டின் அடியில் பூச்சு கழன்று துருக்கறை கோடாக ஓடியிருந்தால், துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிரீட்டைப் பிளக்கிறது என்று பொருள். சிறிது உடைத்து, புதிதாகத் திறந்த முகத்தில் பினோப்தலின் கரைசலைத் தெளித்தால், இன்னும் காரத்தன்மை உள்ள நல்ல கொங்கிரீட் ஊதாச் சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால் கம்பிக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. சுத்தியல்மானி வைத்து எண் எடுப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: காரத்தன்மை போன பழைய மேற்பரப்பு கடினமாகி இருப்பதால், மானி உண்மையான பலத்தை விடக் கூடிய எண்ணைக் காட்டலாம். இந்தக் கட்டடத்தில் நான் தாங்கியை இறக்கித் தரையில் வைக்கச் சொல்வேன், மலிவான வழி அதுதான்.

கடதாசியில் எழுதுவது

இவ்வளவும் பார்த்தபின் முதலில் எழுத வேண்டியது சான்றிதழ் இல்லை, அறிக்கை. என்னென்ன பார்த்தேன், எங்கே கொத்தினேன், எந்தப் பலகையைக் கழற்றினேன், எதைத் திறக்க முடியவில்லை என்று படத்தோடு எழுத வேண்டும். திறக்காத இடத்தை "திறக்கவில்லை" என்றே எழுத வேண்டும். அத்திவாரத்தை ஓர் இடத்தில் மட்டும் தோண்டிப் பார்த்திருந்தால் அந்த இடம் எது என்பதும் இருக்க வேண்டும். உடனடி ஆபத்து ஏதாவது கண்டால், முட்டுக் கொடுக்கவோ அறையை மூடவோ அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு முழு அறிக்கை முடியும்வரை காத்திருக்கக்கூடாது.

நம் ஹட்டன் கட்டடத்துக்கு இந்த அறிக்கை செய்யச் சொல்லும் வேலைகள் ஐந்து: மேலே உள்ள கானைத் துப்புரவாக்குவது, தாங்குசுவரின் துளைகளைத் திறப்பது, மூன்று சட்ட நுனிகளைச் சீர்செய்வது, நடு உத்திரத்தை அத்திவாரத்தோடு போடுவது, தண்ணீர்த் தாங்கியை இறக்குவது. வேலை நடக்கும்போது, மூடிப் பூசுவதற்கு முன்னால், பொறியியலாளர் வந்து பார்க்க வேண்டும். பூசிய பிறகு பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

"இப்போதைக்கு ஒரு கையெழுத்தைப் போட்டுத் தாங்க சேர், வேலையை லீவுல செய்றேன்" என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். மேல்மாடி பழையபடி குடியிருப்பாக இருப்பதற்குக்கூட உக்கிய மூன்று நுனிகளைச் சரிசெய்யாமல் நான் எழுதித் தரமாட்டேன். டியூட்டரிக்கு என்றால் வேலை ஐந்தும் முடிந்திருக்க வேண்டும்.

முடிந்தபின் சான்றிதழில் வருவது இவை: கட்டடத்தின் முகவரி, பார்த்த திகதிகள், மேல்மாடி வகுப்பறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பது, சதுர மீற்றருக்கு 300 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்பது, அரிசி மூட்டையோ புத்தகக் களஞ்சியமோ வைக்கக்கூடாது என்பது, நிலத்தின் உறுதி இதில் அடங்காது, அதற்கான அறிக்கை தனி என்பது. ஓர் ஆண்டுக்கு மேல் செல்லுபடியாகும் காலம் நான் போடுவதில்லை. ஒரு நிபந்தனையும் சேர்ப்பேன்: 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால், அடுத்த வகுப்புக்கு முன்னால் தாங்குசுவரையும் துளைகளையும் பார்த்து, நூல் பிடித்து, முன்பு எழுதிவைத்த அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த முதல் அளவு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று சுவரில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தால், அடுத்து அளப்பவர் யாராக இருந்தாலும் அதே இடத்தில் அளப்பார்.